அர்ராஸ் முதல் எஸ்கிரித்துரா வரை: ஸ்பெயினில் வீடு வாங்குபவர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

வீடு பிடித்துவிட்டது. ஏஜெண்ட் இன்றே மூவாயிரம் யூரோ ‘ரெசெர்வா’ கட்டச் சொல்கிறார். இதுதான் அர்ராஸா?

இல்லை. ரெசெர்வா என்பது வீட்டைச் சில நாட்களுக்கு விற்பனைப் பட்டியலிலிருந்து எடுத்து வைப்பதற்காகத் தரும் சிறு தொகை. பெரும்பாலும் ஏஜெண்டிடமே தருவீர்கள். அர்ராஸ் அதற்கு அடுத்த கட்டம். விற்பவரும் வாங்குபவரும் நேரடியாகக் கையெழுத்திடும் ஒப்பந்தம் அது. வழக்கத்தில் விலையில் பத்து சதவீதம் கைமாறும். ரெசெர்வாவாகக் கட்டியது அந்தப் பத்து சதவீதத்திலேயே கழிக்கப்படும்.

ரெசெர்வாவுக்குச் சட்டம் தனி வடிவம் எதையும் வகுக்கவில்லை. அதனால் அந்த ஒரு பக்கத் தாளில் என்ன எழுதியிருக்கிறதோ அதுதான் உங்கள் உரிமை. இரண்டு விஷயங்களை அதில் பாருங்கள். விற்பவர் உங்கள் விலையை ஏற்காவிட்டால் பணம் முழுதாகத் திரும்பும் என்று எழுதியிருக்க வேண்டும். ஆவணங்களில் குறை தெரிந்தாலும் திரும்பும் என்றும் எழுதியிருக்க வேண்டும். இரண்டாவது வரி பெரும்பாலும் இருக்காது, கேட்டால் சேர்ப்பார்கள். சேர்க்க மறுக்கும் ஏஜெண்டிடம் பணம் கட்ட வேண்டாம் என்பது என் உறுதியான கருத்து.

சில தாள்களில் ‘செஞால்’ என்ற சொல்லைக் காண்பீர்கள். முன்பணம் என்று பொதுவாகச் சொல்வதற்கான சொல் அது. ரெசெர்வாவையும் அப்படிச் சொல்வார்கள், அர்ராஸையும் சொல்வார்கள். தலைப்பை வைத்து முடிவு செய்யாமல் உள்ளே உள்ள விதிகளைப் படியுங்கள்.

அர்ராஸ் கட்டிய பின் நான் விலகினால் பணம் போய்விடும், விற்பவர் விலகினால் இரட்டிப்பாகத் தருவார். எல்லோரும் இதைத்தானே சொல்கிறார்கள்?

எல்லோரும் சொல்வது ஒரே ஒரு வகை அர்ராஸுக்கு மட்டும் பொருந்தும். ஸ்பானிய வழக்கில் மூன்று வகைகள் உண்டு. எந்த வகை என்பதை ஒப்பந்தத்தில் உள்ள ஒற்றை வாக்கியம் தீர்மானிக்கிறது.

நீங்கள் கேள்விப்பட்டது ‘அர்ராஸ் பெனிதென்சியாலெஸ்’. ஸ்பானிய சிவில் சட்டத்தின் 1454ஆம் பிரிவு இதைச் சொல்கிறது. இந்த வகையில் இரு தரப்புக்கும் விலகும் உரிமை உண்டு, அதற்கு ஒரு விலையும் உண்டு. வாங்குபவர் விலகினால் கொடுத்ததை இழக்கிறார். விற்பவர் விலகினால் வாங்கியதைப்போல் இரு மடங்கு தருகிறார். 20,000 யூரோ கட்டியிருந்தால் 40,000 உங்கள் கைக்கு வரும். அதில் பாதி உங்கள் சொந்தப் பணம்தான் என்பதால் நிகரமாகக் கிடைப்பது 20,000.

இரண்டாவது ‘அர்ராஸ் கொன்ஃபிர்மத்தோரியாஸ்’. இங்கே கட்டிய பணம் விலையின் ஒரு பகுதி, அவ்வளவுதான். யாருக்கும் விலகும் உரிமை கிடையாது. நீங்கள் பின்வாங்கினால் விற்பவர், “பத்து சதவீதத்தை வைத்துக்கொள்கிறேன், போங்கள்” என்று சொல்லக் கட்டுப்பட்டவர் அல்ல. வீட்டை வாங்கியே தீர வேண்டும் என்று நீதிமன்றம் போகலாம். அல்லது ஒப்பந்தத்தை முறித்து நட்டஈடு கேட்கலாம், அந்த நட்டஈடு பத்து சதவீதத்தைத் தாண்டவும் கூடும். விற்பவர் பின்வாங்கினால் உங்களுக்கும் அதே உரிமைகள் உண்டு. மூன்றாவது வகையான ‘அர்ராஸ் பெனாலெஸ்’ ஒப்பந்தத்தை மீறினால் தர வேண்டிய தண்டத் தொகையை முன்கூட்டியே குறித்து வைக்கிறது. தனியார் வீட்டு விற்பனையில் இதை அரிதாகவே பார்க்கலாம்.

ஒப்பந்தம் எந்த வகை என்று தெளிவாகச் சொல்லாவிட்டால் நீதிமன்றங்கள் அதை இரண்டாவது வகையாகவே எடுத்துக்கொள்கின்றன. விலகும் உரிமை விதிவிலக்கு, அதை இரு தரப்பும் வெளிப்படையாக எழுதியிருக்க வேண்டும் என்பது ஸ்பானிய உச்ச நீதிமன்றத்தின் நிலையான பார்வை. தலைப்பில் ‘அர்ராஸ் ஒப்பந்தம்’ என்று பெரிய எழுத்தில் இருந்தால் போதாது. ‘பெனிதென்சியாலெஸ்’ என்ற சொல்லும், 1454ஆம் பிரிவும், யார் விலகினால் என்ன ஆகும் என்ற விளக்கமும் உள்ளே இருக்க வேண்டும். இணையத்திலிருந்து இறக்கி நிரப்பிய படிவங்களில் தலைப்பு ஒரு வகையாகவும் உள்ளடக்கம் வேறு வகையாகவும் இருப்பது உண்டு. அப்படிப்பட்ட தாளில் கையெழுத்திட்டுவிட்டு, “பத்து சதவீதத்துக்கு மேல் நட்டம் வராது” என்று நிம்மதியாக இருப்பவர்களை நினைத்தால் கவலையாக இருக்கிறது.

பணம் யாரிடம் இருக்கிறது என்பதும் முக்கியம். வழக்கத்தில் அது நேரே விற்பவரின் கணக்குக்குப் போகும். அவர் அதைச் செலவழித்துவிட்டால், ‘இரு மடங்கு’ என்பது நீங்கள் வழக்குப் போட்டு வசூலிக்க வேண்டிய தொகையாகிவிடும். நோட்டரியிடமோ வழக்கறிஞரின் வாடிக்கையாளர் கணக்கிலோ வைக்கலாம் என்று கேட்டுப் பாருங்கள். விற்பவர் வெளிநாட்டில் இருப்பவராகவோ கடனில் இருப்பவராகவோ இருந்தால் கட்டாயம் கேளுங்கள்.

இவையெல்லாம் ஏற்கெனவே ஒருவர் சொந்தமாக வைத்திருக்கும் வீட்டுக்கு. கட்டுமான நிறுவனத்திடமிருந்து இன்னும் கட்டி முடிக்காத வீட்டை வாங்கினால், நீங்கள் முன்கூட்டிக் கட்டும் தொகைகளுக்கு வங்கி உத்தரவாதமோ காப்பீடோ தர வேண்டும் என்பது சட்டம். அந்தத் தாள் கையில் வராமல் தவணை கட்டாதீர்கள்.

வங்கிக் கடன் மறுக்கப்பட்டால் அர்ராஸ் திரும்புமா?

பொதுவாகத் திரும்பாது. கடன் கிடைக்காதது வாங்குபவரின் பொறுப்பு என்பதே ஸ்பெயினின் பெரும்பகுதியில் நிலைமை. எனவே ஒப்பந்தத்திலேயே ஒரு நிபந்தனை வேண்டும்: குறிப்பிட்ட தேதிக்குள் வங்கி எழுத்து மூலம் கடனை மறுத்தால் அர்ராஸ் முழுதாகத் திரும்பும் என்று. கடன் தொகையையும் அதில் குறிப்பிடுங்கள். 120,000 கேட்ட இடத்தில் வங்கி 90,000 தர முன்வந்தால் அது மறுப்பா இல்லையா என்ற சண்டை அப்போது வராது.

கத்தலோனியாவில் மட்டும் சட்டம் வாங்குபவர் பக்கம் சற்றுச் சாய்கிறது. விலையின் ஒரு பகுதி வங்கிக் கடனில் வரும் என்று ஒப்பந்தத்தில் சொல்லியிருந்தால், வங்கி மறுத்ததற்கான ஆவணத்தை உரிய கெடுவுக்குள் காட்டி நீங்கள் விலகலாம். மறுப்புக்கு உங்கள் அலட்சியம் காரணமாக இருக்கக் கூடாது. ஆனால் இதை மாற்றி எழுதிக்கொள்ள இரு தரப்புக்கும் உரிமை உண்டு, பல ஏஜெண்டுகளின் படிவங்கள் அப்படியே மாற்றி எழுதுகின்றன. ஆகவே பார்சலோனாவில் வாங்கினாலும் அந்த வரியைத் தேடிப் படியுங்கள்.

கெடுவைத் தாராளமாக வாங்குங்கள். ஸ்பெயினில் வசிக்காதவருக்கு வங்கிகள் பெரும்பாலும் மதிப்பில் அறுபது முதல் எழுபது சதவீதம் வரைதான் தருகின்றன, அதற்கும் ஆவணச் சோதனை நீளும். முதலில் வீட்டை மதிப்பிடும் ‘தஸாசியோன்’ நடக்கும். பிறகு வங்கி தன் இறுதி நிபந்தனைகளை எழுத்தில் தரும். அதைத் தந்த நாளிலிருந்து குறைந்தது பத்து நாட்கள் கழிந்த பிறகே கடன் பத்திரத்தில் கையெழுத்திட முடியும், கத்தலோனியாவில் பதினான்கு நாட்கள். நடுவில் நோட்டரியிடம் ஒருமுறை தனியாகப் போய், நிபந்தனைகள் புரிந்தன என்று பதிவு செய்ய வேண்டும். வெளிநாட்டவருக்கான ‘நியே’ என்னும் அடையாள எண் இல்லாமல் கிரயம் முடியாது, அதற்கும் காத்திருக்க நேரலாம். ஒரு மாதக் கெடு வைத்த அர்ராஸில் கடனுடன் வாங்கும் வெளிநாட்டவர் திணறிப்போவார். மூன்று மாதம் கேளுங்கள்.

கையெழுத்திடும் முன் ‘நோட்டா சிம்ப்ளே’ எடு என்கிறார்கள். அதில் எதைப் பார்ப்பது?

சொத்துப் பதிவகமான ‘ரெஹிஸ்த்ரோ தெ லா ப்ரோபியெதாத்’ தரும் சுருக்கத் தாள் அது. பதிவாளர்களின் இணையதளத்தில் பத்து யூரோ அளவில் செலவழித்து நீங்களே பெறலாம். விற்பவர் காட்டும் பழைய பிரதியை நம்ப வேண்டாம். அர்ராஸில் கையெழுத்திடும் வாரத்தில் புதிதாக எடுங்கள்.

உரிமையாளர் பகுதியில் எத்தனை பெயர்கள் இருக்கின்றன என்று முதலில் பாருங்கள். மூன்று வாரிசுகள் இருக்க ஒருவர் மட்டும் அர்ராஸில் கையெழுத்திட்டால், மற்ற இருவரையும் அந்தத் தாள் கட்டுப்படுத்தாது. ‘உசுஃப்ருக்தோ’ என்ற சொல் இருந்தால் நின்று படியுங்கள். வீட்டை ஆண்டு அனுபவிக்கும் உரிமை வேறொருவரிடம், பெரும்பாலும் வயதான பெற்றோரிடம், இருக்கிறது என்று பொருள். அவரும் கையெழுத்திடாவிட்டால், அவர் ஆயுள் முழுதும் உங்களால் அங்கே குடியேற முடியாது. விலை ஆச்சரியப்படும் அளவுக்குக் குறைவாக இருக்கும் விளம்பரங்களில் இது அடிக்கடி ஒளிந்திருக்கிறது.

அடுத்தது ‘கார்காஸ்’, அதாவது வில்லங்கங்கள். ‘இப்போதேக்கா’ என்றால் அடமானக் கடன். அது இருப்பதால் பயப்பட வேண்டியதில்லை, கிரய நாளில் உங்கள் பணத்திலிருந்தே அடைக்கலாம். கடனை எப்போதோ கட்டி முடித்தும் பதிவகத்தில் நீக்காமல் விட்டிருப்பதும் சகஜம். நீக்கும் செலவு விற்பவருடையது என்று அர்ராஸில் எழுதுங்கள். ‘எம்பார்கோ’ என்றால் கடன்காரரோ வரித்துறையோ சொத்தை முடக்கியிருக்கிறது. அதை நீக்கிவிட்டு வாருங்கள் என்று சொல்லிப் பணம் தராமல் காத்திருப்பதே நல்லது. ‘அஃபெக்சியோன் ஃபிஸ்கால்’ என்ற குறிப்பு முந்தைய விற்பனையின் வரிக்காக வழக்கமாகப் போடப்படுவது. அதைக் கண்டு பலர் பதறுகிறார்கள், பெரும்பாலும் தேவையில்லை.

பரப்பளவு குறித்துத் தனியாக ஒன்று. பதிவகம் உரிமையைக் காக்கிறது. நிலத்தின் அளவு, வரைபடம், வரி மதிப்பு எல்லாம் ‘கதாஸ்த்ரோ’ என்னும் வேறு அலுவலகத்தில் இருக்கின்றன. கதாஸ்த்ரோவில் நூற்று இருபது சதுர மீட்டர், பதிவகத்தில் எண்பது என்று இருந்தால், அனுமதியில்லாமல் மூடிய மாடியோ பின்னால் கட்டிய அறையோ காரணமாக இருக்கலாம். அந்த நாற்பது மீட்டருக்கும் சேர்த்து விலை கேட்கிறார்களா என்று பாருங்கள்.

அடுக்குமாடிக் குடியிருப்பில் பழைய பாக்கி இருந்தால் அது விற்பவரின் தலைவலிதானே?

உங்கள் தலைவலியும்தான். குடியிருப்போர் சமூகமான ‘கொமுனிதாத் தெ ப்ரோபியெதாரியோஸ்’-க்கு விற்பவர் வைத்த பாக்கியில், கிரயம் நடக்கும் ஆண்டுக்கும் அதற்கு முந்தைய மூன்று ஆண்டுகளுக்கும் உரியதற்கு வீடே பொறுப்பாகிறது. வீட்டோடு சேர்ந்து அது உங்களிடம் வருகிறது. இதற்காகவே சமூகத்தின் செயலாளர் தரும் பாக்கியின்மைச் சான்றை விற்பவர் கிரயத்தன்று காட்ட வேண்டும். “அவசரம், அந்தச் சான்று வேண்டாம் என்று கையெழுத்துப் போடுங்கள்” என்று யாராவது சொன்னால் போடாதீர்கள். அந்த விலக்கைத் தர உங்களால் மட்டுமே முடியும், தந்துவிட்டால் பாதுகாப்பும் போய்விடும்.

சான்றில் தெரியாத ஒன்றும் இருக்கிறது. ‘தெர்ராமா’ என்பது லிஃப்ட் போடவும் முகப்பைச் செப்பனிடவும் எல்லோரிடமும் வசூலிக்கும் சிறப்புத் தொகை. கூட்டம் எப்போது தீர்மானித்தது என்பதைச் சட்டம் பார்ப்பதில்லை. தவணை எந்த நாளில் கட்ட வேண்டியதாகிறதோ, அந்த நாளில் யார் உரிமையாளரோ அவரே கட்ட வேண்டும். மார்ச்சில் தீர்மானித்த லிஃப்டுக்கு மாதம் 150 யூரோ வீதம் பன்னிரண்டு தவணை என்று வைத்துக்கொள்வோம். நீங்கள் ஜூலையில் வாங்கினால் மீதித் தவணைகள் உங்கள் தலையில். சான்று “பாக்கி இல்லை” என்றே சொல்லும், அது உண்மையும்கூட. ஆகவே கடைசி இரண்டு மூன்று கூட்டங்களின் குறிப்பேடான ‘ஆக்தா’க்களைக் கேட்டு வாங்கிப் படியுங்கள். ஏற்கெனவே தீர்மானிக்கப்பட்ட தெர்ராமா அனைத்தையும் விற்பவரே ஏற்பார் என்று அர்ராஸில் ஒரு வரி சேருங்கள். தூண்கள் விரிசல் விட்டிருப்பதும், பக்கத்து வீட்டுக்காரர் வழக்குப் போட்டிருப்பதும் அந்தக் குறிப்பேட்டில்தான் தெரியவரும்.

எஸ்கிரித்துராவில் கையெழுத்துப் போட்டதும் வீடு என்னுடையதாகிவிடுமா? பதிவு செய்வது கட்டாயமில்லை என்கிறார்களே?

இரண்டும் சரி. எஸ்கிரித்துரா என்பது நோட்டரி முன் கையெழுத்தாகும் கிரயப் பத்திரம். அந்தப் பத்திரம் கையெழுத்தாவதே வீட்டை ஒப்படைத்ததற்குச் சமம் என்று சிவில் சட்டம் சொல்கிறது. அந்த நிமிடத்தில் உரிமை உங்களுக்கு வருகிறது. பதிவகத்தில் பதிவது உரிமை மாறுவதற்கான நிபந்தனை அல்ல. அடமானத்துக்கு மட்டும் பதிவு கட்டாயம்.

இருந்தாலும் பதியாமல் விடுவது பெரிய ஆபத்து. பதிவகத்தில் விற்பவர் பெயரே இருக்கும்வரை, அதை நம்பி நல்லெண்ணத்தோடு வேறொருவர் அதே வீட்டை வாங்கி முதலில் பதிந்துவிட்டால் வீடு அவருக்குப் போகும். உங்களுக்கு மிஞ்சுவது விற்பவர்மீது போடும் வழக்கு. விற்பவரின் கடன்காரர் முடக்க ஆணை வாங்கி வீட்டின்மீது எழுதிவைத்தால் அதைக் கழற்றவும் நீங்கள் நீதிமன்றம் ஏற வேண்டியிருக்கும். இதைத் தடுக்க நோட்டரி கையெழுத்தான அன்றே மின்னணு முறையில் பதிவகத்துக்கு அறிவிப்பு அனுப்பலாம். அது போய்ச் சேர்ந்த நேரத்திலிருந்து உங்கள் வரிசை உறுதியாகிறது. பிறகு அறுபது வேலை நாட்களுக்குள் வரி கட்டிய ரசீதோடு பதிவை முடிக்க வேண்டும். அனுப்பினார்களா என்று நோட்டரி அலுவலகத்தில் வாய்விட்டுக் கேளுங்கள்.

கையில் கிடைக்கும் பிரதிகளில் ‘கோப்பியா சிம்ப்ளே’ தகவலுக்கானது. பதிவுக்கும் வழக்குக்கும் செல்லுபடியாவது ‘கோப்பியா அவுத்தொரிஸாதா’. மூலப் பத்திரம் நோட்டரியின் காப்பகத்திலேயே இருக்கும். ஆகவே பிரதி தொலைந்தாலும் வேறு பெறலாம்.

நோட்டரி எல்லாவற்றையும் சரிபார்ப்பாரே, தனியாக வழக்கறிஞர் எதற்கு?

இந்தியாவில் பிரதிகளுக்கு முத்திரை குத்தித் தரும் நோட்டரியை மனத்தில் வைத்துப் பார்க்காதீர்கள். ஸ்பெயினின் ‘நோத்தாரியோ’ போட்டித் தேர்வு எழுதி வந்த அரசு அதிகாரி, சட்ட வல்லுநர். கையெழுத்துக்குச் சற்று முன்வரை பதிவகத்தின் நிலையைப் பார்க்கிறார், அடையாளம் பார்க்கிறார், பணம் வந்த வழியைக் கேட்கிறார், பத்திரத்தை உரக்கப் படித்து விளக்குகிறார். ஸ்பானிஷ் தெரியாவிட்டால் மொழிபெயர்ப்பாளரை அழைத்துவரச் சொல்வார். அந்தச் செலவைச் சேமிக்க வேண்டாம்.

ஆனால் அவர் இரு தரப்புக்கும் பொதுவானவர், மேடைக்கு வருவதும் கடைசியில்தான். அர்ராஸில் நீங்கள் மோசமான விதிகளை ஏற்றிருந்தால் அவற்றை மாற்ற அவரால் முடியாது. கூடுதலாகக் கட்டிய அறைக்கு அனுமதி உண்டா என்று நகராட்சியில் போய் விசாரிப்பதும் அவர் வேலை அல்ல. வழக்கறிஞருக்குச் செலவழிப்பதாக இருந்தால் அதை அர்ராஸுக்கு முன் செலவழியுங்கள். ஏஜெண்ட் பரிந்துரைக்கும் வழக்கறிஞரைத் தவிர்த்து, அவரோடு தொடர்பில்லாத ஒருவரைத் தேடுங்கள். நோட்டரியைத் தேர்ந்தெடுக்கும் உரிமை பெரும்பாலும் செலவை ஏற்கும் வாங்குபவருக்கு உண்டு என்பதையும் நினைவில் வையுங்கள்.

கையெழுத்து நாளில் பணம் எப்படிக் கைமாறும்? ஓர் உதாரணத்தோடு சொல்ல முடியுமா?

மாலகாவில் 200,000 யூரோவுக்கு ஒரு பழைய வீடு என்று எடுத்துக்கொள்வோம். வாங்குபவர் கடன் இல்லாமல் வாங்குகிறார். விற்பவர் ஜெர்மனியில் வசிப்பவர், வீட்டின்மேல் 60,000 யூரோ அடமானக் கடன் மீதி இருக்கிறது.

ரெசெர்வா 3,000, பிறகு அர்ராஸாக 17,000, ஆக 20,000 ஏற்கெனவே போய்விட்டது. மீதி 180,000. விற்பவர் ஸ்பெயினில் வசிக்காதவர் என்பதால், விலையில் மூன்று சதவீதமான 6,000 யூரோவை வாங்குபவர் பிடித்துவைக்க வேண்டும். அதை ஒரு மாதத்துக்குள் ‘மொதேலோ 211’ என்ற படிவத்தோடு வரித்துறைக்குக் கட்ட வேண்டும். இது விற்பவரின் வரிக்கான முன்தொகை. வாங்குபவர் பிடிக்க மறந்தால் அந்தத் தொகைக்கு வீடே பிணையாகிறது. வெளிநாட்டவர் வெளிநாட்டவரிடம் வாங்கும் கடற்கரை ஊர்களில் அதிகம் தவறுவது இந்த இடத்தில்தான்.

மீதி 174,000. இதில் 60,000க்கு வங்கி நேரடிக் காசோலை ஒன்று கடன் தந்த வங்கியின் பெயரில். அந்த வங்கியின் பிரதிநிதி நோட்டரி அலுவலகத்துக்கு வந்து, கடன் தீர்ந்தது என்ற பத்திரத்தில் கையெழுத்திடுவார். அதைப் பதிவகத்தில் நீக்க ஆகும் செலவுக்காக 1,000 யூரோவைப் பிடித்து, வேலையைச் செய்யும் ‘ஹெஸ்தோர்’ என்னும் முகவரிடம் ஒப்படைக்கிறார்கள்.

பிறகு ‘ப்ளுஸ்வலியா’. நில மதிப்பு உயர்ந்ததற்காக நகராட்சி விதிக்கும் வரி அது, விற்பவர் கட்ட வேண்டியது. ஆனால் விற்பவர் ஸ்பெயினில் வசிக்காதவராக இருந்தால், நகராட்சி வாங்குபவரிடம்தான் வசூலிக்கும். ஆகவே முன்கூட்டியே கணக்கிட்டு, இந்த உதாரணத்தில் 2,500 என்று வைத்துக்கொள்வோம், அதையும் பிடிக்கிறார்கள். விற்பவர் கைக்குப் போகும் காசோலை 110,500.

இந்தப் பிடித்தங்கள் அனைத்தும் அர்ராஸிலேயே எழுதப்பட்டிருந்தால் கையெழுத்து மேசை அமைதியாக இருக்கும். எழுதப்படாவிட்டால், பயணச் சீட்டோடு காத்திருக்கும் விற்பவர் அங்கேயே சண்டைக்கு வருவார்.

வரி என்பது நான் கொடுத்த விலைக்குத்தானே?

பழைய வீட்டுக்கு ‘ஐ.டி.பி.’ எனப்படும் கைமாற்று வரி. விகிதம் மாநிலத்துக்கு மாநிலம் மாறும். மாலகா இருக்கும் அந்தலூசியாவில் ஏழு சதவீதம், மாட்ரிட்டில் ஆறு. ஆனால் 2022 ஜனவரி 1 முதல், கதாஸ்த்ரோ ஒவ்வொரு வீட்டுக்கும் குறித்திருக்கும் ‘வலோர் தெ ரெஃபெரென்சியா’ என்னும் மேற்கோள் மதிப்பு குறைந்தபட்ச வரி அடிப்படையாகிவிட்டது. விலை, மேற்கோள் மதிப்பு இரண்டில் எது அதிகமோ அதற்கு வரி.

நம் மாலகா வீட்டுக்கு மேற்கோள் மதிப்பு 215,000 என்றால், 14,000க்குப் பதில் 15,050 கட்ட வேண்டும். அந்த மதிப்பு தவறு என்று முறையிடலாம், ஆனால் நிரூபிக்கும் சுமை உங்களுடையது. கதாஸ்த்ரோவின் இணையதளத்தில் மதிப்பை இலவசமாகப் பார்க்கலாம். பேரம் பேசும் முன்பே பாருங்கள். கட்டுநரிடம் வாங்கும் புதிய வீட்டுக்கு இந்த வரி கிடையாது. பத்து சதவீத மதிப்புக் கூட்டு வரியும், பத்திர வரி தனியாகவும் வரும்.

வீடு வாங்கினால் குடியிருப்பு அனுமதி கிடைக்குமா?

கிடைக்காது. ஐந்து லட்சம் யூரோ முதலீட்டுக்குத் தரப்பட்ட ‘கோல்டன் விசா’ 2025 ஏப்ரல் 3 அன்று நிறுத்தப்பட்டது. இன்னும் அதைச் சொல்லி வீடு விற்பவர்களை நம்பாதீர்கள்.

முதலில் ஓராண்டு வாடகைக்கு இருந்து பார்க்க நினைக்கிறேன். ஃபியான்ஸா எத்தனை மாதம் கேட்கலாம்?

ஃபியான்ஸா என்பது வாடகைக்கு வருபவர் உரிமையாளரிடம் கட்டும் வைப்புத்தொகை. குடியிருப்பு வாடகைக்கு அது ஒரு மாத வாடகை, கூடவும் இல்லை, குறையவும் இல்லை. அதற்கு மேல் உரிமையாளர் கூடுதல் உத்தரவாதம் கேட்கலாம். ஐந்தாண்டு வரையிலான ஒப்பந்தங்களில் அது இரண்டு மாத வாடகையைத் தாண்டக் கூடாது. ஆகப் பிணைத்தொகை என்ற பெயரில் மூன்று மாதத்துக்கு மேல் போகாது. ‘ஆவால்’ என்னும் வங்கி உத்தரவாதம் கேட்டாலும் அதுவும் இந்த வரம்புக்குள்தான். 2023இன் வீட்டுவசதிச் சட்டத்துக்குப் பிறகு, குடியிருப்பு வாடகையில் ஏஜெண்ட் கூலி உரிமையாளரின் செலவு.

வெளிநாட்டவரிடம் பலர் ‘தெம்போராதா’ ஒப்பந்தத்தை நீட்டுகிறார்கள். படிப்பு, தற்காலிக வேலை போன்ற காரணத்துக்காகக் குறுகிய காலம் தங்குபவர்களுக்கானது அது. அதில் ஃபியான்ஸா இரண்டு மாதம், ஏஜெண்ட் கூலியையும் உங்களிடம் கேட்கலாம். குடியிருப்பு ஒப்பந்தத்தில் ஓராண்டு என்று எழுதியிருந்தாலும் நீங்கள் விரும்பினால் ஐந்தாண்டு வரை தொடரலாம், உரிமையாளர் நிறுவனமாக இருந்தால் ஏழு. தெம்போராதாவில் அந்தப் பாதுகாப்பு இல்லை. உங்கள் நிரந்தர வீடாகவே அதில் வாழப் போகிறீர்கள் என்றால் பெயர் எதுவானாலும் நீதிமன்றம் உண்மை நிலையைப் பார்க்கும். ஆனால் அதற்கு நீங்கள் வழக்காட வேண்டும். கையெழுத்திடும் முன் மறுப்பது எளிது.

காலி செய்துவிட்டேன், ஃபியான்ஸா திரும்பவில்லை. என்ன செய்வது?

சாவியை ஒப்படைத்த நாளிலிருந்து ஒரு மாதம் கழிந்தும் தரவில்லை என்றால் வட்டி ஓடத் தொடங்குகிறது. பெரும்பாலான மாநிலங்களில் உரிமையாளர் அந்தப் பணத்தை அரசு அமைப்பிடம் வைத்திருக்க வேண்டும். கத்தலோனியாவில் அது இன்காசோல். அங்கிருந்து வரவில்லை என்ற சாக்கு உங்களிடம் செல்லாது.

இயல்பான பயன்பாட்டால் மங்கிய சுவருக்குப் பிடித்தம் செய்ய முடியாது. உடைந்த கதவுக்கும் கட்டாத மின்கட்டணத்துக்கும் பிடிக்கலாம். குடியேறிய நாளிலும் வெளியேறிய நாளிலும் எடுத்த படங்களும், சாவி ஒப்படைத்ததற்கான கையெழுத்துமே உங்கள் ஆதாரம். உள்ளடக்கத்துக்கும் சான்று தரும் ‘புரோஃபாக்ஸ்’ என்ற அஞ்சலில் முதலில் கேளுங்கள். பிறகும் தராவிட்டால், 2,000 யூரோ வரையிலான வழக்குக்கு வழக்கறிஞர் இல்லாமலே போகலாம். கடைசி மாத வாடகையைக் கட்டாமல் “ஃபியான்ஸாவில் கழித்துக்கொள்ளுங்கள்” என்று சொல்லும் பழக்கம் மட்டும் வேண்டாம். அது வாடகைப் பாக்கி. உரிமையாளருக்கு அதன் பேரில் வழக்குத் தொடர உரிமை உண்டு.

நான் வாங்க நினைக்கும் வீட்டில் ஏற்கெனவே வாடகைக்கு ஆள் இருக்கிறார். கிரயம் ஆனதும் காலி செய்யச் சொல்லலாமா?

சொல்ல முடியாது. அவருடைய குறைந்தபட்ச ஐந்தாண்டு முடியும்வரை, பழைய உரிமையாளரின் இடத்தில் நீங்கள் போய் நிற்கிறீர்கள், அதே வாடகை, அதே விதிகள். வாடகைக்காரருக்கு அதே விலையில் தானே வாங்கும் முன்னுரிமையும் உண்டு, ஒப்பந்தத்தில் அவர் அதைத் துறந்திருந்தால் தவிர. விற்பனை நிபந்தனைகளை முறையாக அவருக்குத் தெரிவித்ததிலிருந்து முப்பது நாட்கள் அவருக்கு அவகாசம். தெரிவிக்காமல் விற்றால், பின்னர் அதே விலையைக் கட்டி வீட்டை உங்களிடமிருந்து எடுத்துக்கொள்ள அவர் கோரலாம்.

வீடு காலியாகக் கிடைக்க வேண்டும் என்றால், ‘ஆளும் வாடகைக்காரரும் இல்லாமல்’ ஒப்படைக்கப்படும் என்று அர்ராஸில் எழுதி, கிரயத்தன்று காலையில் நேரில் போய்ப் பாருங்கள். வாடகைக்காரரோடு சேர்த்தே வாங்குவதாக இருந்தால், வாடகை ஒப்பந்தத்தின் பிரதியை அர்ராஸுக்கு முன் வாங்குங்கள். அவர் கட்டிய ஃபியான்ஸாவைத் திருப்பித் தரும் பொறுப்பு இனி உங்களுடையது. ஆகவே அந்தத் தொகையை விலையில் கழித்து, கழித்ததை எஸ்கிரித்துராவில் எழுதச் சொல்லுங்கள். பிறகு அரசு அமைப்பிலுள்ள வைப்பை உங்கள் பெயருக்கு மாற்றக் கேளுங்கள்.